பதினாலாம் படுக்கை காலி

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. வாசலில் நிற்கும் வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் கேஷ்லெஸ் அக்கா. கையிலிருந்து பணம் கட்டாமல் இன்ஷூரன்ஸில் வைத்தியம் பார்க்க வருகிறவர்களின் காகிதம் ஒன்றுகூட அவளைத் தாண்டாமல் போகாது. அனுமதி கேட்பாள், கேள்வி வந்தால் பதில் எழுதுவாள், கடைசி பில்லை அனுப்பி இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பணத்தை வாங்கித் தருவாள்.

அவள் அறை கீழ்த்தளத்தில், ஸ்டோருக்கும் பழைய ரெக்கார்டு அறைக்கும் நடுவில் இருந்தது. ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. "வெளிய மழையா வெயிலான்னு கம்ப்யூட்டர் சொன்னாதான் எனக்குத் தெரியும்" என்பாள். மேசையில் ஒரு இன்டர்காம் போன். எந்தப் படுக்கையிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று அதன் சின்னத் திரையில் நம்பர் வரும். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். கோபம் வந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அண்ணியோடும் அண்ணன் மகளோடும் ஒரே வீட்டில் இருந்தாள். அண்ணியும் அவளும் குழம்பில் உப்பு கூடியதா குறைந்ததா என்று வாரம் முழுக்கச் சண்டை போடுவார்கள். ஒருத்தி ஊருக்குப் போனால் மற்றவளுக்குச் சோறு இறங்காது.

அண்ணன் இல்லை. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

மூச்சுத்திணறலுக்காக வேறொரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்து தேறியவர் அவர். டிஸ்சார்ஜ் என்று சொல்லி, படுக்கையிலிருந்து எழுப்பி, வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பில்லில் இன்ஷூரன்ஸ்காரர்கள் எதையோ வெட்டிவிட்டார்கள் என்று இவள் கவுன்டர் கவுன்டராக ஓடிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை வந்து பார்த்தபோது அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். நர்ஸிடம் போய்ச் சொன்னாள். நர்ஸ் லிஸ்டைப் பார்த்துவிட்டு, "அவர் எங்க லிஸ்ட்ல இல்லம்மா, டிஸ்சார்ஜ் ஆயிட்டார்" என்றாள். அடுத்த முறை வந்தபோது அண்ணன் தூங்குகிற மாதிரி சாய்ந்திருந்தார். தூக்கமில்லை. பிறகு கைக்கு வந்த காகிதத்தில் 'நல்ல நிலையில் வீடு திரும்பினார்' என்று அச்சடித்திருந்தது. அந்தக் காகிதத்தின்படி பார்த்தால் அவர் ஆஸ்பத்திரியில் சாகவே இல்லை. எங்கேதான் செத்தார் என்று அண்ணி இன்றைக்கும் கேட்பாள்.

அதற்கப்புறம்தான் இந்த வேலைக்கு வந்தாள். வந்தவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி பில்லை அனுப்பிய கையோடு படியேறிப் போய், அந்த நோயாளியை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு வருவாள். "அக்கா ஆளை எண்ணப் போறாங்க" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும் என்று விட்டுவிடுவாள்.

இந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு கோளாறான ஏற்பாடு இருந்தது. கடைசி பில்லை மூட வேண்டுமானால் முதலில் வார்டில் 'டிஸ்சார்ஜ்' என்று ஒரு டிக் போட்டாக வேண்டும். டிக் விழாமல் கம்ப்யூட்டர் பில்லை மூடாது. மூடாத பில்லை இன்ஷூரன்ஸ் வாங்காது. டிக் விழுந்த நிமிஷத்தில் சாப்பாடு நிற்கும், மருந்துச் சீட்டு மூடும், ரவுண்ட்ஸ் லிஸ்டிலிருந்து பெயர் போய்விடும், படுக்கைக்குப் பக்கத்து இன்டர்காம் தானாகவே செத்துவிடும். ஆளோ இன்னும் கட்டிடத்துக்குள்தான் இருப்பார். இன்ஷூரன்ஸ் பதில் வரும்வரை, பாதி நாள் ஆனாலும், தரைத்தளத்துக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கேஷ்லெஸ் அக்காவுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது அந்த அறைதான். மின்சாரம் மிச்சம் பிடிக்க அங்கே ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு போட்டிருந்தார்கள். அசையாமல் உட்கார்ந்தால் அதுபாட்டுக்கு அணைந்துவிடும்.

அன்றைக்குப் பதினாலாம் படுக்கை. பித்தப்பையை எடுத்த ஒரு தையல்காரப் பெண். துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன், சிக்கலில்லாமல் முடிந்திருந்தது. வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையிலேயே கீழே வந்து அவள் அறை வாசலில் நின்றான்.

"அக்கா, மத்தியானம் பிள்ளைங்கள ஏத்தப் போகணும். அதுக்குள்ள விட்ருவாங்களா?"

"நான் என்ன கம்பெனி முதலாளியா? பில்லு போயிருக்கு. வந்ததும் சொல்றேன்."

"எவ்ளோ கட்ட வேண்டியிருக்கும்?"

"உங்களுது பேக்கேஜ். கட்ட வேண்டியது இல்ல. போய்ப் பொண்டாட்டி பக்கத்துல உக்காருங்க."

சொல்லி வாயை மூடவில்லை, கம்பெனியிடமிருந்து பதில் வந்துவிட்டது. அனுமதி உண்டு, ஆனால் குறைத்து. கையுறை, மூடுதுணி, தையல் நூல், ஊசி, துளைக்குழாய், பஞ்சு என்று ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் சாமான்கள் எல்லாவற்றையும் வரிவரியாக வெட்டியிருந்தார்கள். காரணம்: நுகர்பொருட்கள் பாலிசியில் அடங்காது, நோயாளி செலுத்த வேண்டும்.

அவளுக்கு மண்டை காய்ந்தது. வெட்டியது யார் தப்பு என்று பார்த்தால் பாதி இவர்கள் தப்புதான். பேக்கேஜ் என்றால் ஒரே வரி, ஒரே தொகை. ஆனால் கம்பெனியின் இணையதளம் உடைத்துக் காட்டாத பில்லை வாங்குவதில்லை. அதனால் பில்லிங் பிரிவில் இருக்கும் பெரியவர், ரிட்டையராகப் போகிறவர், அந்த ஒரு தொகையை எடுத்துக் கூறுபோட்டு, தியேட்டரில் செலவான சாமான்களையெல்லாம் வரிசையாக எழுதி அனுப்புவார். கூட்டிப் பார்த்தால் பேக்கேஜ் தொகை சரியாக வரும். அது வெறும் கணக்கு காட்டும் வித்தை. கம்பெனியில் உட்கார்ந்திருப்பவர் கையுறை என்ற வார்த்தையைக் கண்டதும் கத்தியை எடுத்துவிடுகிறார்.

கம்பெனியில் பில்களைச் சரிபார்க்கும் டாக்டரைப் போனில் பிடிக்கவே மத்தியானமாகிவிட்டது. முகம் தெரியாத, எப்போதும் ஒரே மாதிரி குளிர்ந்த குரல்.

"மேடம், கன்ஸ்யூமபிள்ஸ் பாலிசில வராது."

"தனியா போட்டா வராது சார். நாங்க எங்க தனியா போட்டோம்? இது பேக்கேஜ்."

"பில்லுல தனித்தனியா இருக்கே."

"உங்க சைட்டு கேக்குதுன்னு உடைச்சுக் காட்டுனது. மொத்தத்தப் பாருங்க. கட்டணப் பட்டியல்ல நீங்களும் நாங்களும் ஒத்துக்கிட்ட தொகைக்கு மேல ஒரு பைசா இருக்கா?"

"எழுத்துல அனுப்புங்க, ரிவ்யூல வைக்கிறேன்" என்றது குரல்.

எழுத உட்கார்ந்தபோது மேனேஜர் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் பூசி மெழுகி முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"ஏம்மா மல்லுக்கட்டுற? அந்தச் சாமான் காசை வேன்காரர்கிட்ட வாங்கிட்டு அனுப்பி விடு. அடுத்தடுத்த பில்லெல்லாம் காத்திருக்கு."

"பேக்கேஜுக்குள்ள இருக்கிறத நோயாளிகிட்ட வாங்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு சார். நீங்கதான கையெழுத்து போட்டீங்க."

"அப்ப அவங்க காத்திருக்கணும்."

"காத்திருக்கணும்" என்றாள்.

பில் போன கையோடு மேலே போய்ப் பார்த்திருக்க வேண்டும். இந்த வெட்டு வந்து உட்கார்ந்ததில் அது தள்ளிப் போய்விட்டது. வேன்காரன் பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டான். எழுதினாள்:

'இந்த அறுவைச் சிகிச்சைக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கட்டணப் பட்டியலின்படி பேக்கேஜ் தொகை மட்டுமே கோரியுள்ளோம். அறை, தியேட்டர், மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து, மருந்துகள், ஒருமுறை பயன்படுத்தும் பொருட்கள் அனைத்தும் அதில் அடக்கம். பில்லில் உள்ள தனித்தனி விவரம், தங்கள் இணையதளம் கேட்டதால் தகவலுக்காகத் தரப்பட்டது. எதற்கும் தனிக் கட்டணம் இல்லை. பேக்கேஜில் அடங்கியதை நோயாளியிடம் வசூலிக்க ஒப்பந்தத்தில் இடமில்லை. ஆகவே, பிடித்தத்தை நீக்கித் திருத்திய இறுதி அனுமதி வழங்கக் கோருகிறோம். பட்டியலின் உரிய பக்கம் இணைக்கப்பட்டுள்ளது.'

'இணைக்கப்பட்டுள்ளது' என்று அடித்து முடித்தபோது இன்டர்காம் அடித்தது. திரையில் பதினாலு.

பழக்கத்தில் எடுத்துவிட்டாள். "சொல்லுங்க." பேச்சில்லை. யாரோ மெதுவாக மூச்சு விடுகிற மாதிரி ஒரு இழுப்பு. மறுபடியும், "சொல்லுங்கம்மா, வந்துரும்" என்றாள். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். பாவம், படுத்தே கூப்பிடுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டு பட்டியல் பக்கத்தைத் தேடி இணைத்தாள். அனுப்பினாள். அப்புறம்தான் சுருக்கென்றது. டிக் போட்டு எவ்வளவு நேரம் ஆகிறது. பதினாலில் யார் படுத்திருக்கிறார்கள்?

செல்போனில் வார்டைக் கூப்பிட்டாள். சிஸ்டர் எடுத்தாள்.

"பதினாலு காலிக்கா. மெத்தையைத் தொடச்சுக்கிட்டு இருக்காங்க. ஏன்?"

"இப்பதான் எனக்குப் போன் வந்துச்சு, பதினாலுல இருந்து."

"லைன் கட்டாகி இருக்குமேக்கா. தொடைக்கிறப்ப பட்டிருக்கும்."

கட்டான லைனில் கை பட்டால் எப்படி அடிக்கும்? கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. அதற்குள் மேசையில் மறுபடி அடித்தது. பதினாலு. வார்டு சிஸ்டர் இந்தக் காதில் "அக்கா, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டுப் படியேறினாள்.

காத்திருப்பு அறை இருட்டாக இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஆட்கள் போகிறார்கள் வருகிறார்கள், ரிசப்ஷனில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, உள்ளே மட்டும் கறுப்பு. ஆள் இல்லாததால்தான் விளக்கு அணைந்திருக்கிறது என்று எல்லோரும் தாண்டிப் போயிருப்பார்கள். அவளே அப்படித்தான் நினைத்தாள். ஆள் இல்லை, வேன்காரன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான், அப்பாடா என்று. அனுமதி வராமல் எப்படிக் கூட்டிப்போவான் என்று மறுநொடியே உறைத்தது. கதவைத் தள்ளிக் கையை வீசினாள்.

விளக்கு எரிந்தது. மூலை நாற்காலியில் தையல்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, பையின் மேல் இரண்டு கையும். தலை சுவரில் சாய்ந்திருந்தது. இவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். அண்ணன் இப்படியேதான் சாய்ந்திருந்தார்.

பெண் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா. லைட்டு அணைஞ்சு அணைஞ்சு போகுது. மொதல்ல கையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஆட்ட முடியல."

"என்னம்மா பண்ணுது?"

"தோள் வலிக்குது. ஆபரேஷனுக்கு வயித்துல விட்ட காத்து, போயிரும்னாங்க. அந்தப் பக்கம் போனவங்கள ரெண்டு மூணு பேரக் கூப்பிட்டேன். யாரும் திரும்பிப் பாக்கல. நான் இங்கதான் இருக்கேனான்னு எனக்கே..." பேச்சு அதோடு நின்றுவிட்டது.

கையைத் தொட்டாள். ஐஸில் வைத்தெடுத்த மாதிரி இருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. உதட்டில் ரத்தமே இல்லை.

ரிசப்ஷன் போனில் வார்டைக் கூப்பிட்டாள். அதே சிஸ்டர்தான் எடுத்தாள். கெட்டவள் இல்லை, அவளுக்கும் தலைக்கு மேல் வேலை. "அவங்க எங்க லிஸ்ட்ல இல்லக்கா, டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க. எமர்ஜென்சில புதுசா சீட்டு போடச் சொல்லுங்க" என்றாள்.

அதே வார்த்தை. அச்சு மாறாமல் அதே வார்த்தை.

அவள் போனைக்கூட வைக்கவில்லை, தொங்கவிட்டாள். ஓரத்தில் கிடந்த சக்கர நாற்காலியை இழுத்து வந்து பெண்ணை அள்ளி உட்கார வைத்தாள். சீட்டாவது மண்ணாவது. எமர்ஜென்சிக்கு அவளே தள்ளிக்கொண்டு ஓடினாள். வழியில் நின்ற வாட்ச்மேன் இத்தனை வருஷத்தில் அவள் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தாராம்.

எமர்ஜென்சி டாக்டர் நாடியைப் பிடித்தவர் விடவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார்கள், வயிற்றில் ஸ்கேன் வைத்தார்கள். "உள்ள ரத்தம் கசியுது. சர்ஜனக் கூப்பிடுங்க, தியேட்டர ரெடி பண்ணச் சொல்லுங்க" என்றார். சர்ஜன் வந்தார். எதற்கும் காத்திருக்காமல் ரத்தத்தை ஏற்றிக்கொண்டே உள்ளே தள்ளிப் போனார்கள். கதவு மூடியது.

அவள் செய்ய வேண்டிய வேலை கீழே இருந்தது. எந்த அட்மிஷன் நம்பரில் செலவை எழுதுவது என்று தியேட்டரும் ரத்த வங்கியும் மாறி மாறிக் கேட்டன. பழைய நம்பர் மூடிக்கிடந்தது. அதைத் திறக்க வேண்டுமானால் டிஸ்சார்ஜ் டிக்கை எடுக்க வேண்டும். டிக்கை எடுக்க வேண்டுமானால் அனுப்பிய கடைசி பில்லைத் திரும்பப் பெற வேண்டும். திரும்பப் பெற்றால் ரிவ்யூ, பதில், பட்டியல் பக்கம் எல்லாம் போச்சு.

மேனேஜர் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் சந்தோஷம். திரையைக் காட்டினார். கம்பெனியின் பதில்: 'பிடித்தம் நீக்கப்பட்டது. ஒப்புக்கொண்ட பேக்கேஜ் தொகை முழுமையாக அனுமதிக்கப்படுகிறது.'

"ஜெயிச்சுட்டம்மா. கையுறைக் காசைக்கூட வெட்டல பாரு. இத இப்படியே வச்சுக்கலாம். அந்தப் பொண்ணுக்குப் புது நம்பர் போட்டு, புது அட்மிஷனா அனுமதி கேட்டுரு. நல்லபடியா வீட்டுக்குப் போனாங்க, திரும்ப வந்தாங்க. முடிஞ்சுது."

அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முன்னால் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவங்க வெளிய போகவே இல்ல சார்."

"பேப்பர்ல போய்ட்டாங்கம்மா."

"அப்ப இன்னிக்கு அங்க இருட்டுல உக்காந்திருந்தது யாரு? போன தடவ எங்க அண்ணன் போனாரு பேப்பர்ல. இன்னும் வீடு வந்து சேரல."

மேனேஜர் எழுந்துகொண்டார். அவர் போவாரா, தடுப்பாரா என்று ஒரு கணம் தெரியவில்லை. கதவு வரை போனவர் திரும்பாமலே, "எழுதும்மா. நான் கையெழுத்து போடுறேன். கூடுதல் அனுமதி அப்புறம் கேட்டுக்கலாம்" என்றார்.

காலையிலிருந்து மல்லுக்கட்டி வாங்கிய அனுமதிக்குக் கீழே அவள் இரண்டே வரி அடித்தாள். 'இறுதி பில்லைத் திரும்பப் பெறுகிறோம். நோயாளி டிஸ்சார்ஜ் ஆகவில்லை, மருத்துவமனையில்தான் இருக்கிறார்.' இரண்டாவது வரியை அனுப்புவதற்கு முன் திரும்பத் திரும்பப் படித்தாள். அந்த ஒரு வரியை அன்றைக்கு யாராவது எழுதியிருந்தால் போதும், அண்ணன் பிழைத்திருக்காவிட்டாலும் எங்கே செத்தார் என்றாவது அண்ணிக்குத் தெரிந்திருக்கும்.

வேன்காரன் வந்தபோது சாயங்காலம். தியேட்டர் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். சர்ஜன் வெளியே வந்து, கசிந்த இடத்தைக் கட்டியாயிற்று, ஆள் தப்பித்துவிட்டாள் என்று சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நல்லவேளைக்கா, பில்லு லேட்டாச்சு" என்றான் அவளிடம். "மத்தியானமே விட்டிருந்தா வேன்ல, பிள்ளைங்க சத்தத்துல, இவ முனகுறது எனக்குக் கேட்டே இருக்காது."

அவளுக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. கையுறைக்காகச் சண்டை போட்டு ஒருத்தியை இருட்டில் உட்கார வைத்ததும் அவள்தான், அதனாலேயே அந்தப் பெண்ணின் உயிர் தங்கியதும் உண்மைதான். இதை எந்தப் பட்டியலில் எழுதுவது? "போய்ப் பிள்ளையப் பாருங்க. இன்னிக்கு நான் இருக்கேன்" என்றாள்.

கீழே போகிற வழியில் வார்டுக்குள் நுழைந்தாள். சிஸ்டர் இவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். பதினாலாம் படுக்கையில் புது விரிப்பு, யாரும் இன்னும் படுக்கவில்லை. பக்கத்து மேசையில் போன் இல்லை.

"போன் எங்க?"

"டிக் போட்டப்பவே கழட்டி வச்சுட்டாங்களாம்க்கா" என்று சிஸ்டர் டிராயரைத் திறந்து காட்டினாள். போன் ஒயர் சுற்றி உள்ளே கிடந்தது. "காலையிலயே."

அவள் டிராயரை மூடிவிட்டு, பதினாலை யாருக்கும் கொடுக்காதே, தையல்காரம்மா திரும்ப இங்கேதான் வருவாள் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். ஸ்டோரைப் பூட்டிவிட்டார்கள். ரெக்கார்டு அறையிலும் விளக்கில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணிக்கு இன்றைக்கு வர மாட்டேன் என்று சொல்லலாம் என்று செல்போனுக்குக் கையை நீட்டினாள். அதற்குள் இன்டர்காம் அடித்தது.

திரையில் பதினாலு. இந்தத் தடவை பயம் வரவில்லை. எடுத்தாள். அதே இழுப்பு, மெதுவாக, நெஞ்சைத் தடவிக்கொண்டே விடுகிற மூச்சு. அவள் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டேன் அண்ணா" என்றாள். "அவங்க உள்ளதான் இருக்காங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ வீட்டுக்குப் போ. அண்ணி முழிச்சுட்டுத்தான் இருப்பா."

அந்தப் பக்கம் போனை வைக்கும் சத்தம் கேட்டது.